தடங்கலுக்கு வருந்துகிறோம்

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கண்ணில் ஓர் அட்டை தெரியும். ஞாயிற்றுக்கிழமை சினிமா, வில்லன் கத்தியை ஓங்கியிருக்கிறான், சட்டென்று படம் போய் அந்த அட்டை வரும். உடனே வீட்டில் ஒருத்தர் மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவார். கோளாறு டில்லியிலா, சென்னையிலா, நம் மாடியில் உட்கார்ந்த காக்கையாலா என்று யாருக்கும் தெரியாது. அட்டையும் சொல்லாது. அதற்காக யாரும் கோபப்பட்டதில்லை. காசா, பணமா?

இப்போது அதே வாசகம் இன்டர்நெட் கடைகளுக்குக் குடிவந்துவிட்டது. ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக உங்கள் ஆர்டர் தாமதமாகிறது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ இங்கே காசும் உண்டு, பணமும் உண்டு. அது நம் அக்கவுண்ட்டிலிருந்து புறப்பட்டுப் போய்விட்டது. பொருள் வரவில்லை. இந்த நிலைமையில் இருப்பவனுக்கு அடுத்தவரின் வருத்தம் முதல் தேவை இல்லை. அவன் மனதில் நாலே நாலு கேள்விதான். என் பணம் என்னாச்சு? என் ஆர்டர் பதிவாகியிருக்கா? எப்ப வரும்? வேண்டாம்னா பணத்தை எப்படித் திரும்ப வாங்கறது?

மன்னிப்புக் கடிதத்தில் இந்த நாலுக்கும் பதில் இருந்தால் அது கடிதம். இல்லாவிட்டால் அது அட்டை.

* * *

இந்தியாவில் இந்த ரகக் கடிதங்களில் மிகப் பிரசித்தமானது 2014 அக்டோபர் 7-ம் தேதி வந்தது. அதற்கு முதல் நாள், திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு, பெங்களூரு ஃபிளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’ தள்ளுபடி விற்பனையைத் திறந்தது. நாடு முழுக்க ஆபீஸ்களில் ஃபைல்கள் அப்படியே கிடக்க, எல்லோரும் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி நேரத்தில் சுமார் 600 கோடி ரூபாய்க்கு வியாபாரம் என்று கம்பெனி அறிவித்தது. கூடவே இணையதளம் திணறியது. கூடையில் போட்ட சாமான் பணம் கட்டுவதற்குள் தீர்ந்துபோனது. பணம் கட்டி முடித்த சில ஆர்டர்களும் ரத்தாயின.

மறுநாள் வாடிக்கையாளர்களின் இன்பாக்ஸில் ஒரு கடிதம். கையெழுத்து: சச்சின் பன்சால், பின்னி பன்சால். (அண்ணன் தம்பி இல்லை. ஐ.ஐ.டி. டெல்லியில் படித்தவர்கள், அவ்வளவுதான் உறவு.) சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை, மன்னிக்கவும் என்று ஆரம்பித்து, குற்றங்களைத் தனித்தனித் தலைப்பில் பிரித்திருந்தார்கள். விலை மாறியது, ஸ்டாக் தீர்ந்தது, ஆர்டர் ரத்தானது, இணையதளம் தடுமாறியது என நாலு. கடைசிக் குற்றத்துக்குக் கணக்கும் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 5,000 சர்வர்கள் வைத்து, வழக்கத்தைப் போல இருபது மடங்கு கூட்டத்துக்குத் தயாராக இருந்தோம், சில நேரங்களில் அதற்கும் மேலே வந்துவிட்டது என்று.

அந்தக் கடிதத்தைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. நான் அதில் கவனித்தது வேறு. ‘ஒரு கோளாறு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாமல், யாருக்கு என்ன நடந்தது என்று பிரித்தார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். விலை மாறியதால் கடுப்பானவனும், ஆர்டர் ரத்தானவனும் ஒரே கடிதத்தில் தன் தன் பாராவைக் கண்டுபிடித்துக்கொள்ள முடிந்தது.

இந்தப் பிரித்தல் எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது, பன்சால்களைவிடச் சற்றே சிறிய ஒரு வியாபாரியிடம்.

* * *

மயிலாப்பூர் வடக்கு மாட வீதிப் பக்கம் என் நண்பன் ஒருவனுக்குப் பொம்மைக் கடை. கொலு பொம்மை வியாபாரத்தின் விசேஷம் என்னவென்றால், தசாவதார செட் நவராத்திரிக்கு முதல் நாள் வந்தால் தெய்வம். முடிந்த மறுநாள் வந்தால் அட்டைப் பெட்டியில் அடைத்த களிமண். புடவை லேட்டாக வந்தால் அடுத்த விசேஷத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். பொம்மைக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

கடைக்கு இணையதளம் கட்டிக் கொடுத்தவன் அவனுடைய அக்கா பையன், இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். போன நவராத்திரிக்கு ஒன்பது நாள் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம், எனக்கு போன். “டேய், பேங்க்ல பணம் விழறது. கம்ப்யூட்டர்ல ஆர்டர் விழலை. உடனே வா.”

நான் தி.நகர் ஆபீஸிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நண்பன் ராமர் பட்டாபிஷேகத்துக்கு நடுவில் அனுமார் போஸில் உட்கார்ந்திருந்தான். பையன் லேப்டாப்புக்குள் தலையை விட்டிருந்தான்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். இன்டர்நெட்டில் ‘பணம் கட்டு’ என்ற பொத்தானை அழுத்தும்போது நீங்கள் கடையை விட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். பணம் வசூலிப்பது வேறொரு கம்பெனி. அங்கே பணம் கட்டி முடிந்ததும் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் கடையின் கம்ப்யூட்டருக்கு ஒரு தகவல் அனுப்பும்: ‘இன்னார் இவ்வளவு கட்டிவிட்டார்.’ கடைக் கம்ப்யூட்டர் அதை ஆர்டர் நோட்டில் எழுதிக்கொண்டு ‘சரி, கிடைத்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். இது ஹோட்டலில் கேஷியர் டோக்கனைச் சமையலறைக்கு அனுப்புகிற மாதிரி. காசு கல்லாவில் விழுந்தாலும், டோக்கன் உள்ளே போனால்தான் தோசை வரும்.

அன்றைக்குக் காலை பதினொரு மணியிலிருந்து டோக்கன் உள்ளே போகவில்லை. காரணம் ரொம்ப சாதாரணம். யார் வந்தார்கள், எந்தப் பொம்மையைப் பார்த்தார்கள் என்று அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு டயரி எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பக்கங்களை யாரும் கிழித்துப் போடவில்லை. சீசன் கூட்டத்தில் டயரி வீங்கி, டிஸ்க் நிரம்பி, புது ஆர்டரை எழுத இடம் இல்லை. சில சமயம் கொஞ்சம் இடம் கிடைத்தால் ஒரு ஆர்டர் பதிவாகும், அடுத்த இரண்டு தொலையும். ஆனால் பொம்மைகளின் படம் அழகாகத் தெரிந்தது, பணமும் போயிற்று. அதனால்தான் சாயங்காலம் வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முழுசாகப் படுத்துவிட்ட கம்ப்யூட்டரைவிட இப்படி அரைகுறையாக நடமாடுகிற கம்ப்யூட்டர்தான் ஆபத்து.

பையன் பழைய டயரியை அழித்துவிட்டு, “சரி பண்ணியாச்சு மாமா” என்றான். இணையதளம் சரியாகிவிட்டது, வாஸ்தவம். சிக்கியிருந்த ஆர்டர்கள்?

* * *

இந்த இடத்தில்தான் எல்லோரும் மன்னிப்புக் கடிதம் எழுத ஆரம்பிக்கிறார்கள். பையனும் ஆரம்பித்திருந்தான். பத்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டு, கடையின் இரண்டாயிரம் பழைய வாடிக்கையாளர்கள் உள்பட எல்லோருக்கும் அனுப்பத் தயாராக விரலைத் தூக்கினான். அதைப் படித்தேன்.

‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே, தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் சில ஆர்டர்கள் தாமதமாகக்கூடும். கூடிய விரைவில் அனுப்பி வைக்கப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி.’

தமிழில் பிழை இல்லை. ஆனால் ‘சில ஆர்டர்கள்’ என்றால் என்னுடையதா? ‘கூடிய விரைவில்’ என்றால் நவராத்திரிக்கு முன்பா, பொங்கலுக்கு முன்பா? ‘அனுப்பி வைக்கப்படும்’ என்றால் யாரால்? பொறுமைக்கு நன்றி என்று அவர்கள் பொறுமையாக இருப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் எப்படி? இதை இரண்டாயிரம் பேருக்கு அனுப்பினால், ஒன்றுமே வாங்காத ஆயிரத்துச் சொச்சம் பேரும் “என் ஆர்டர் என்னாச்சு?” என்று போன் செய்வார்கள். எடுக்க இருப்பது நண்பன் ஒருவன்.

“முதல்ல ரெண்டு பட்டியலை எடு” என்றேன். ஒன்று, பணம் வசூலிக்கும் கம்பெனியின் கணக்கு. மற்றது கடையின் ஆர்டர் நோட்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். பதினொரு மணிக்குப் பிறகு வந்து சேர்ந்த பணம் 137 தடவை. ஆர்டர் நோட்டில் இருந்தது 41. பாக்கி 96 பணத்துக்கு ஆர்டர் இல்லை.

அந்த 96-ஐ உற்றுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. ஒரே ஆள், ஒரே தொகை, நாலு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, பணம் போகவில்லை என்று நினைத்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். இப்படி 22 பேர், 44 பணம். மீதி 52 பேர் ஒரே தடவை கட்டியவர்கள். ஆக, 41 + 52 + 22 = 115 குடும்பங்கள். மூன்று ரகம். மூன்று ரகத்துக்கும் சேதி வேறு.

முதல் 41 பேருக்கு ஆர்டர் பத்திரம், இரண்டு நாள் தாமதம். அவ்வளவுதான். 52 பேருக்குப் பணம் வந்தது, ஆனால் என்ன பொம்மை கேட்டார்கள் என்பதே கடைக்குத் தெரியாது. பணக் கம்பெனியிடம் பெயர், போன், ஈமெயில், தொகை மட்டும்தான் உண்டு. 22 பேருக்கு இது தவிர ஒரு தொகையைத் திருப்பித் தரவும் வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால், முதல் ரகம் அநாவசியமாகப் பயப்படும், இரண்டாம் ரகம் பதில் எழுதாமல் காத்திருக்கும், மூன்றாம் ரகம் போலீஸுக்குப் போகும்.

* * *

அடுத்தது தேதி. நண்பன் வாய் கூசாமல், “நாளன்னிக்கு எல்லாருக்கும் போயிடும்னு போடு” என்றான்.

பொம்மையை வைக்கோலும் காகிதமும் சுற்றிப் பெட்டியில் அடைக்க இரண்டு பேர். நன்றாக வேலை செய்தால் ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி. 115 பெட்டிக்கு மூன்று நாள். கூரியர்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார், ஞாயிறு வர மாட்டார். எனவே திங்கள், செவ்வாய், புதன். புதன் கிளம்பினால் சென்னைக்குள் வெள்ளிக்குள் சேரும், மற்ற தமிழ்நாட்டு ஊர்களுக்குச் சனிக்கிழமைக்குள். நவராத்திரி அதற்கடுத்த திங்கள். டில்லி, கொல்கத்தா மாதிரி தூரத்து ஊர்கள் எட்டு. அவை அநேகமாகச் சேராது.

“அந்த எட்டு பேருக்கு என்ன போடறது?”

“சேராதுன்னு போடு.”

“ரத்து பண்ணிடுவாங்கடா!”

பண்ணட்டும். இன்றைக்குத் தெரிந்தால் கரோல் பாக்கிலோ எங்கேயோ ஒரு பொம்மை வாங்கிக்கொள்வார்கள். நவராத்திரி மூன்றாம் நாள் தெரிந்தால் காலிப் படியைப் பார்த்துக்கொண்டு நம்மைத் திட்டுவார்கள். தாமதக் கடிதத்தில் தேதி போடும்போது, ஆசைப்படுகிற தேதியைப் போடக் கூடாது. மழை பெய்து, ஒரு ஆள் லீவு போட்டாலும் தாங்குகிற தேதியைப் போட வேண்டும். முதல் தாமதத்தை ஜனங்கள் மன்னிக்கிறார்கள். புதுத் தேதியும் தவறி இரண்டாவது மன்னிப்புக் கடிதம் போனால், அதற்குப் பிறகு மூன்றாவதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டாம் ரகத்துக்குக் கடைசியில் போன கடிதம் இது. பொருள் வரியிலேயே கடையின் பெயரும், கட்டிய தொகையும், தேதியும் இருந்தன. ‘முக்கிய அறிவிப்பு’ என்று ஆரம்பித்தால் கடன் கம்பெனிக்காரன் என்று நினைத்துத் திறக்க மாட்டார்கள்.

‘வணக்கம். சனிக்கிழமை பகல் 1.20-க்கு நீங்கள் கட்டிய 3,450 ரூபாய் எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிப்போனதால், என்ன பொம்மைக்காகக் கட்டினீர்கள் என்ற விவரம் பதிவாகவில்லை. தவறு எங்களுடையது, மன்னிக்கவும். மறுபடி பணம் கட்ட வேண்டாம். திங்கள் மதியத்துக்குள், நீங்கள் கேட்ட பொம்மைகளையும் வீட்டு முகவரியையும் இந்த மெயிலுக்கே பதிலாக எழுதினால், புதன் மாலைக்குள் அனுப்பி வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் வீட்டில் இருக்கும். வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், முழுப் பணமும் திரும்ப அனுப்புகிறோம்.’

கீழே நண்பனின் பெயர், கடை போன் நம்பர். கவனியுங்கள், பணம் முதல் வரியில். மன்னிப்பு மூன்றாவது வரியில், ஒரே ஒரு தடவை. ‘மறுபடி பணம் கட்ட வேண்டாம்’ என்பது சின்ன வரிதான். ஆனால் அது இல்லாவிட்டால் 22 பேர் 40 ஆகியிருப்பார்கள்.

அனுப்புவதிலும் ஒரு சூட்சுமம். 52 பேர் முகவரியையும் ஒரே மெயிலில் வரிசையாகப் போட்டால், ஒவ்வொருவருக்கும் மற்ற ஐம்பத்தொரு பேரின் விலாசமும் போய்விடும். அப்புறம் அவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்துக் கடையைத் திட்டலாம். தொகையும் ஆளுக்கு ஆள் வேறு. எனவே ஆளுக்கொரு மெயில், கூடவே போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. மெயில் ஸ்பாம் குப்பையில் விழுந்தாலும் செய்தி எட்டும். ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்கிற ஊமை முகவரியிலிருந்து மட்டும் அனுப்பக் கூடாது. பதில்தானே நமக்கு வேண்டும்?

* * *

மெயில், பணம் கட்டியவர்களுக்கு. இணையதளத்தின் தலையில் ஒட்டுகிற அறிவிப்பு, புதிதாகக் கடைக்குள் வருகிறவர்களுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்கள் அறிவிப்பு நாலே வரி. சனி காலை 11 முதல் மாலை 5.40 வரை கோளாறு. இப்போது சரியாகிவிட்டது. அந்த நேரத்தில் பணம் கட்டியவர்களுக்குத் தனியாக மெயில் வரும். இன்று புதிதாக ஆர்டர் செய்தால் வியாழக்கிழமை கிளம்பும். அடியில் எழுதிய நேரம், அடுத்து எப்போது தகவல் மாறும் என்ற நேரம். மணி போடாத அறிவிப்பு மூன்று நாள் கழித்தும் அங்கேயே தொங்கிக்கொண்டு, வருகிறவனை விரட்டிவிடும்.

அறிவிப்பை எங்கே ஒட்டுவது என்பதில் பெரிய கம்பெனிகளே அடிபட்டிருக்கின்றன. 2017 பிப்ரவரி 28-ம் தேதி அமேசானின் அமெரிக்க டேட்டா சேமிப்புச் சேவை ஒன்று, கட்டளையில் யாரோ தப்பாக ஒன்றைத் தட்டியதால் சில மணி நேரம் படுத்தது. அதை நம்பியிருந்த ஏராளமான இணையதளங்களும் படுத்தன. கோளாறை அறிவிக்கிற அமேசானின் பலகையும் அதே சேவையை நம்பியிருந்ததால், ‘கோளாறு’ என்று மாற்ற முடியாமல் கொஞ்ச நேரம் ‘எல்லாம் நலம்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ட்விட்டரில் போய்ச் சொன்னார்கள்.

நம் சென்னையின் ஜோஹோவுக்கும் 2018 செப்டம்பர் 24-ல் ஒரு சோதனை. அவர்கள் சர்வர்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. இணைய முகவரியைப் பதிவு செய்துகொடுத்த கம்பெனி, ஏதோ புகாரைக் காட்டி zoho.com என்ற பெயரையே முடக்கிவிட்டது. வீடு இருக்கிறது, வாசல் கதவு நம்பரை யாரோ பிடுங்கிக்கொண்டு போன கதை. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் நேரடியாக முறையிட்டுப் பேச வேண்டியதாயிற்று. கெட்டுப்போன இடத்திலேயே ‘கெட்டுப்போச்சு’ என்று எழுத முடியாது. அதனால் நண்பன் கடையின் இன்ஸ்டாகிராமிலும், வடக்கு மாட வீதிக் கடை வாசலிலும் அதே நாலு வரி போயிற்று.

* * *

பையன் எழுதியதில் ‘தவிர்க்க முடியாத’ என்று ஒரு வார்த்தை இருந்ததே, அதை அடிக்கச் சொன்னதற்கு இலக்கணம் காரணமில்லை. 2020 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த மின் வணிக நுகர்வோர் விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பொருள் வராவிட்டால், விற்றவர் அதைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. ஒரே விதிவிலக்கு, தாமதம் மனித சக்திக்கு அப்பாற்பட்ட நிகழ்வால் வந்திருந்தால். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோது பார்சல் வராதது அந்த ரகம். பழைய டயரியைக் கிழிக்க மறந்ததை இந்திரன் மேல் போட முடியாது.

ஆகவே உங்களுக்கு வருகிற கடிதத்தில் ‘எங்கள் கட்டுப்பாட்டை மீறிய’, ‘தவிர்க்க இயலாத’ என்ற அடைமொழிகள் இருந்தால், பக்கத்திலேயே என்ன காரணம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்றால், ‘எனக்கு வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள்’ என்று எழுதத் தயங்க வேண்டாம். அதே விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பணம் பிடித்துவிட்டு, கடைக்கு உறுதி போய்ச் சேராமல் அந்தரத்தில் தொங்குகிற கேஸுக்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு இருக்கிறது. கார்டோ யு.பி.ஐ.யோ, கட்டிய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். ஆனால் நண்பன் கதை மாதிரி பணம் கடைக்கே போய்ச் சேர்ந்துவிட்டால், கடைக்காரர் கிளப்பினால்தான் அது திரும்பும். எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “பணம் உங்க கணக்குக்கு வந்ததா?” என்பதே.

ஓர் எச்சரிக்கை. பெரிய கடை ஏதாவது தடுமாறினால், அசல் மன்னிப்புக் கடிதத்துக்கு முன்னால் போலி மன்னிப்புக் கடிதம் வந்துவிடும். ரொம்ப உருக்கமாகவும் இருக்கும். ‘பணத்தைத் திரும்பப் பெற இங்கே அழுத்தவும்’ என்று கேட்டு, ரகசிய எண்ணைப் போடச் சொல்லும். பணம் வாங்கிக்கொள்வதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. அசல் கடைக்கு நீங்கள் கட்டிய தொகையும் நேரமும் தெரியும். போலிக்குத் தெரிந்ததெல்லாம் ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே’ மட்டும்.

* * *

திங்கள் மதியத்துக்குள் விவரம் கேட்கப்பட்ட 74 பேரில் 69 பேர் பதில் எழுதிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேருக்கு நண்பன் போன் செய்தான். சொன்ன பட்டியலைக் கட்டிய தொகையோடு ஒத்துப் பார்த்ததில் எல்லோரும் நேர்மையானவர்கள், ஒருவர் மட்டும் கட்டியதைவிட ஒரு யானை அதிகமாகக் கேட்டிருந்தார். தூரத்து எட்டு பேரில் ஐந்து பேர் ரத்து செய்தார்கள். மூன்று பேர், பரவாயில்லை அடுத்த வருஷத்துக்கு ஆகும், அனுப்புங்கள் என்றார்கள்.

அடையாறிலிருந்து ஒரு மாமி மட்டும் பதில் மெயிலில் ஒரு பாரா எழுதியிருந்தார். பெண்ணுக்குக் கல்யாணமாகி முதல் கொலு, மரப்பாச்சி ஜோடி கேட்டிருந்தாராம். பணம் போய், ஆர்டர் வராமல், சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ‘மரப்பாச்சிக்காக இல்லை. சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது என்று. உங்கள் மெயிலில் வெள்ளிக்கிழமை என்று பார்த்ததும் காபி போட்டுக் குடித்தேன்.’

பெட்டி வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளி என்று எழுதிவிட்டு வியாழன் வந்ததற்கு இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.